சலூனுக்குச் சீல் அட்டை: இந்த அறிவிப்பு புரிகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்

மண்டபம்_மூணுசேர்

வணக்கம். மண்டபம் பக்கம் மூன்று சேர் போட்டு ஆண்கள் சலூன் நடத்துகிறேன். முடிவெட்ட 120, சவரம் 60, பிள்ளைகளுக்கு 80. நானும் வேலைக்கு இரண்டு தம்பிகளும். அவர்களுக்குப் பாதிப் பங்கு, அதாவது 120க்கு வெட்டினால் 60 அவர்களுக்கு, 60 கடைக்கு.

பக்கத்துத் தெருவில் ஏசி போட்டு புதுக் கடை வந்திருக்கிறது. அதனால் வாடிக்கை ஆட்களுக்கு ஒரு கார்டு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வாட்ஸப்பில் போடவும் கடைக் கண்ணாடியில் ஒட்டவும் கீழே உள்ளதை எழுதி வைத்திருக்கிறேன். புதன்கிழமை போட வேண்டும்.

"மகிழ்ச்சியான செய்தி! எமது சலூனில் லாயல்டி கார்டு திட்டம் இனிதே ஆரம்பம். ஒவ்வொரு விசிட்டுக்கும் ஒரு ஸ்டாம்ப் வழங்கப்படும். 10 ஸ்டாம்ப் சேர்த்தால் 10வது கட்டிங் முற்றிலும் இலவசம்! 6 மாதங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ளவும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

சரியாக இருக்கிறதா?

ஓய்வு_வாத்தியார்

கார்டு என்றால் மாதச் சந்தாவா தம்பி? எவ்வளவு கட்ட வேண்டும்? நகைக்கடைச் சீட்டு மாதிரி 11 மாதம் கட்டினால் 12வது மாதம் கடை கட்டுமா? முதலில் அதைத் தெளிவாகப் போடுங்கள். ஸ்டாம்ப் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். நான் தபால் தலை ஒட்டச் சொல்கிறீர்களோ என்று நினைத்தேன்.

மண்டபம்_மூணுசேர்

ஐயா, காசு எதுவும் கட்ட வேண்டாம். அட்டை சும்மாதான். ஒவ்வொரு தடவையும் நான் சீல் குத்தித் தருவேன், அவ்வளவுதான்.

உச்சிப்புளி_கத்தரி

வாத்தியார் கேட்டது நல்ல கேள்வி. அறிவிப்பைப் படித்த ஒருவர் இப்படிப் புரிந்துகொண்டால் அந்த அறிவிப்பில்தான் கோளாறு. நான் மதுரையில் 18 வருடம் கடை வைத்திருந்தேன், மூன்று தடவை இந்த அட்டை போட்டு இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "10 ஸ்டாம்ப் சேர்த்தால் 10வது கட்டிங் இலவசம்." இதை இரண்டு மாதிரி படிக்கலாம். ஒன்பது தடவை காசு கொடுத்து, பத்தாவது தடவை சும்மாவா? இல்லை, பத்துத் தடவையும் காசு கொடுத்துப் பத்து சீல் வாங்கிவிட்டு, பதினோராவது தடவை சும்மாவா? சீல் பத்து வேண்டும் என்றால் பத்தாவது வெட்டுக்குக் காசு கொடுத்தால்தானே பத்தாவது சீல் விழும்? நீங்கள் ஒன்றை நினைப்பீர்கள், சேரில் உட்கார்ந்திருப்பவர் இன்னொன்றை நினைப்பார். எந்தக் கடையிலும் முதல் சண்டை இதில்தான் வரும், அதுவும் துண்டைப் போர்த்தி முடியை வெட்டி முடித்த பிறகு வரும். அதற்கு மேல் வெட்டிய முடியை ஒட்ட முடியாது.

இரண்டாவது, "ஒவ்வொரு விசிட்டுக்கும்." மீசை ஒதுக்க என்ன வாங்குகிறீர்கள்?

மண்டபம்_மூணுசேர்

20 அண்ணே.

உச்சிப்புளி_கத்தரி

அப்படியென்றால் ஒருவர் வாரம் ஒரு தடவை மீசை ஒதுக்க வந்து பத்து வாரத்தில் 200 ரூபாய் கொடுத்திருப்பார். அதில் தம்பிகளின் பங்கு 100 போகக் கடைக்கு 100. அப்புறம் 120 ரூபாய் வெட்டை இலவசம் என்று வந்து நிற்பார். கோபப்படவும் முடியாது, நீங்கள் எழுதியதைத்தான் அவர் படித்தார். முடிவெட்டினால் மட்டும் சீல் என்று மாற்றுங்கள்.

மூன்றாவது, 6 மாதம். உங்கள் ஆட்கள் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வெட்டுகிறார்கள்?

மண்டபம்_மூணுசேர்

பொடியன்கள் 20, 25 நாள். மற்றவர்கள் மாதம் ஒன்று. சிலர் 40 நாள் கூட விடுவார்கள்.

உச்சிப்புளி_கத்தரி

மாதம் ஒன்று என்றால் 6 மாதத்தில் ஆறு சீல்தான். பத்தைத் தொடுவது 20 நாளுக்கு ஒரு தடவை வெட்டுகிற பொடியனுக்கே இழுபறிதான், மற்ற யாராலும் முடியாது. நீங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கிற ஒருவர் அப்படித்தான் சொல்வார்.

தங்கச்சிமடம்_வலை

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எங்கள் ஆட்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். அந்த நேரத்தில் கையில் காசு ஓடாது. வீட்டிலேயே ஒருவருக்கொருவர் மிஷின் போட்டுக்கொள்வோம். சிலர் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பிப்ரவரியில் அட்டை வாங்கினவனுக்கு உங்கள் ஆறு மாதத்தில் இரண்டு மாதம் அப்படியே போச்சு.

கார்த்திகையில் மாலை போடுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மண்டலம் முடியும் தாடியும் தொட மாட்டார்கள். சம்சாரம் மாசமாக இருந்தால் முடியெடுக்காத ஆட்களும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். என் மச்சான் அப்படி இருந்தபோது அவனைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்தார்கள்.

கீழக்கரை_காக்கா

எங்களுக்கும் உண்டு தம்பி. குர்பானி கொடுக்க நினைப்பவர்கள் பக்ரீத் மாதப் பிறை பார்த்ததிலிருந்து கொடுத்து முடிக்கும் வரை முடியும் நகமும் வெட்ட மாட்டோம். ஆனால் அது பத்து நாள்தான், பெரிய விஷயமில்லை. என் பிரச்சினை வேறு. நான் துபாயில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை 45 நாள் லீவு. வந்தால் இரண்டு தடவை வெட்டுவேன். பத்து சீல் சேர எத்தனை வருடம் ஆகும் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

எம்பிஏ_தம்பி

பத்து வருஷம் காக்கா. 🙂

எல்லோரும் ஏன் இவ்வளவு சிக்கலாக்குகிறீர்கள்? 10க்கு 1 இலவசம் என்றால் 10 சதவீதத் தள்ளுபடி. அதற்குப் பதில் நேரடியாக 120ஐ 108 ஆக்கிவிடலாம். அட்டை, சீல், சண்டை எதுவும் வேண்டாம். கடைக்கு இரண்டும் ஒன்றுதான்.

உச்சிப்புளி_கத்தரி

தம்பி, பாதி சரி. 108 ஆக்குவது எளிது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

பத்து தடவை காசு, பதினோராவது சும்மா என்றால் பதினோரு வெட்டுக்கு ஒன்று இலவசம். அது 10 சதவீதம் இல்லை, 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. இது சின்ன விஷயம். பெரிய விஷயம், அந்த இலவச வெட்டை யார் சுமப்பது என்பது. மூணுசேர், இலவசமாக வெட்டுகிற அன்றைக்குத் தம்பிக்கு என்ன கொடுப்பீர்கள்?

மண்டபம்_மூணுசேர்

அதை யோசிக்கவில்லை அண்ணே. காசு வரவில்லை, பங்கும் இல்லை என்றுதானே வரும்?

உச்சிப்புளி_கத்தரி

நான் சுட்டுக்கொண்ட இடமே அதுதான். முதல் தடவை அப்படித்தான் வைத்தேன். இரண்டு மாதத்தில் என் ஆட்கள் அட்டைக்காரரைப் பார்த்தாலே டீ குடிக்கக் கிளம்பினார்கள். ஒருவன் அரைகுறையாக வெட்டி அனுப்பினான். இன்னொருவன் "இன்றைக்கு சீல் தொலைந்துவிட்டது, அடுத்த தடவை குத்துகிறேன்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். நான் அவர்களைத் திட்டினேன். ஆனால் தப்பு என் மேல்தான். அரை மணி நேரம் நின்று வெட்டுகிறவனுக்குக் கூலி இல்லை என்றால் அவன் என்ன செய்வான்?

அதனால் இலவச வெட்டுக்கும் தம்பிக்கு 60 போயே ஆக வேண்டும். அப்போது கணக்கு இப்படி வரும். பத்து நீளம் என்று பார்த்தோமே, அதனால் எட்டு தடவை காசு, ஒன்பதாவது சும்மா என்று வைத்துக்கொள்வோம். எட்டு வெட்டில் கடைக்கு வருவது 480. ஒன்பதாவதுக்குத் தம்பிக்குக் கையிலிருந்து 60. மிச்சம் 420. அதே ஆள் அட்டை இல்லாமல் ஒன்பது தடவையும் காசு கொடுத்திருந்தால் 540. ஆக, கடைப் பங்கில் 120 குறைகிறது. வாடிக்கையாளர் பார்வையில் 9ல் 1, அதாவது 11 சதவீதம். உங்கள் பார்வையில் 540ல் 120, அதாவது 22 சதவீதம். இரண்டு மடங்கு. எம்பிஏ தம்பி சொன்ன 108ல் ஆளுக்கு 6 ரூபாய் குறையும், இழப்பைத் தம்பிகளும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதற்கு அவர்கள் ஒப்புவார்களா என்பது தனிக் கதை. தவிர, ஒரு தடவை 108 ஆக்கிவிட்டால் திரும்ப 120க்கு ஏற்றும்போது கடையே இரண்டுபடும்.

அந்த 420ஐ 60ஆல் வகுத்தால் 7. இந்த ஏழுதான் எல்லைக்கோடு. அட்டை இல்லாவிட்டால் ஒருவர் அந்த ஒன்பது வெட்டில் ஆறை உங்களிடமும் மூன்றை வேறு கடையிலும் வெட்டுவார் என்றால், அட்டையால் உங்களுக்கு லாபம். ஏழு என்றால் சமம். ஒன்பதுக்கும் உங்களிடமே வருகிற ஆள் என்றால் 120 ரூபாயைப் பாசத்துக்குக் கொடுக்கிறீர்கள்.

மண்டபம்_மூணுசேர்

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அப்பா காலத்திலிருந்து வருகிறவர்கள். அவர்கள் எங்கேயும் போக மாட்டார்கள். அப்போது அட்டை போடுவதே தப்பா?

உச்சிப்புளி_கத்தரி

அதற்கு என்னிடம் பதில் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தேன். பழைய ஆட்கள் "நேற்று வந்தவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்றுமில்லையா" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பதில் 120 ரூபாய் போனால் பரவாயில்லை என்று தோன்றியது. ஆனால் மூன்று சேர் கடைக்கு அது தாங்குமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தங்கச்சிமடம்_வலை

பழைய ஆளைச் சும்மா விட்டுப் பாருங்கள், பக்கத்துத் தெரு ஏசியில் உட்கார்ந்திருப்பார். அப்பா காலம் எல்லாம் வெயில் அடிக்கும் வரைதான்.

எம்பிஏ_தம்பி

சரி அண்ணே, 22 சதவீதத்தை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வகுப்பில் படித்த ஒன்று இங்கே உதவும். 2006இல் ஜோசப் நூன்ஸ், சேவியர் ட்ரெஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் கடையில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். 300 பேருக்கு அட்டை. பாதிப்பேருக்கு 8 கட்டம், எல்லாம் காலி. மீதிப்பேருக்கு 10 கட்டம், ஆனால் இரண்டில் ஏற்கெனவே முத்திரை குத்தியிருந்தது. இரண்டு பேருக்குமே எட்டு தடவை வர வேண்டும். ஆனால் காலி அட்டைக்காரரில் 19 சதவீதம்தான் முடித்தார்கள், இரண்டு குத்திக் கொடுத்தவர்களில் 34 சதவீதம். ஏற்கெனவே ஆரம்பித்தாகிவிட்டது என்ற நினைப்பு.

ஓய்வு_வாத்தியார்

அதாவது கூடுதலாக ஒன்றும் கொடுக்காமல் கொடுத்த மாதிரி காட்டுவது. நல்ல படிப்பு.

உச்சிப்புளி_கத்தரி

வாத்தியார் சொல்வதும் சரி. ஆனாலும் 10 கட்டம், இரண்டு குத்தியது என்பது கையில் வாங்கும்போது நன்றாகத்தான் இருக்கும். எட்டு தடவை வர வேண்டும் என்பதை வெளிப்படையாக எழுதிவிட்டால் மனசாட்சிக்கும் தொந்தரவில்லை.

இன்னொன்று. அட்டை நிரம்பியவர்கள் எல்லோரும் எப்போது வருவார்கள் தெரியுமா? தீபாவளிக்கு முதல் நாள். காசு கொடுக்கக் கூட்டம் வாசலில் நிற்கும், சேரில் இலவசக்காரர் உட்கார்ந்திருப்பார். பண்டிகைக்கு முந்தைய மூன்று நாள் இலவச வெட்டு இல்லை, சீல் மட்டும் உண்டு என்று எழுதுங்கள். எந்தெந்தப் பண்டிகை என்று பெயரோடு எழுதுங்கள். "நிபந்தனைக்கு உட்பட்டது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அன்றைக்கு நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி இருக்கும்.

கீழக்கரை_காக்கா

ஊருக்கு வந்தால் நோன்புப் பெருநாளுக்கு முந்தைய மூன்று நாளில்தான் நான் வெட்ட வருவேன். போகட்டும், என் அட்டை எப்படியும் நிரம்பப் போவதில்லை.

வீட்டில் எல்லோரும் ஒரே அட்டையில் குத்தலாமா? அப்படியென்றால் என் மகன்கள் மூன்று பேர் மாதாமாதம் வெட்டுகிறார்கள்.

மண்டபம்_மூணுசேர்

காக்கா, தாராளமாக. ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை போதும். ஆனால் பிள்ளைகளுக்கு 80 ரூபாய்தானே, எட்டு தடவை 80 கொடுத்துவிட்டு அப்பா 120 வெட்டை இலவசமாக எடுத்தால்? கடைக்கு வருவது 320, அதில் தம்பிக்கு 60. சரி, அது பரவாயில்லை. மூன்று பையன்களை வேறு கடைக்குப் போகாமல் வைத்திருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்.

ராம்நாடு_அச்சு

அச்சகத்திலிருந்து ஒரு வார்த்தை. விசிட்டிங் கார்டு மாதிரி பளபள ஆர்ட் கார்டில் அடிக்காதீர்கள். முன்பக்கம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், சீல் குத்துகிற பக்கம் வழவழப்பு இல்லாமல் இருக்க வேண்டும். வழவழப்பில் சீல் மை உறிஞ்சாது. பெருவிரல் பட்டால் இழுக்கும். லேமினேஷன் போட்டால் சுத்தமாகப் பிடிக்காது. உங்கள் பக்கம் கடல் காற்றில் ஈரம் வேறு. சட்டைப் பையில் வேர்வையோடு இரண்டு மாதம் இருந்தால் ஊதா மை எல்லாக் கட்டத்துக்கும் பரவி, ஐந்து சீலா ஏழு சீலா என்று தெரியாது.

ரப்பர் சீலை யார் வேண்டுமானாலும் எந்தக் கடையிலும் செய்துகொள்ளலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். சீலுக்கு மேல் பால்பாயின்ட் பேனாவால் தேதியும் கையெழுத்தும் போடுங்கள். மை பரவினாலும் தேதி நிற்கும். ஒரே ஆள் நான்கு நாளில் நான்கு வெட்டு வெட்டியிருந்தால் தேதி காட்டிக் கொடுக்கும்.

தங்கச்சிமடம்_வலை

கடலுக்குப் போகிறவனிடம் அட்டையே தங்காது. நோட்டுப் போட்டு, போன் நம்பரின் கடைசி நான்கு எண்ணை எழுதிக் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்களேன்.

உச்சிப்புளி_கத்தரி

நோட்டு கணக்குக்கு நல்லது. ஆனால் நோட்டு உங்கள் கல்லாவில் தூங்கும், அட்டை அவர் பர்ஸில் உங்கள் கடைப் பெயரோடு இருக்கும். நான் இருந்தால் அட்டைதான். மூணுசேர் விருப்பம்.

மண்டபம்_மூணுசேர்

எல்லோரும் சொன்னதை வைத்து மாற்றி எழுதியிருக்கிறேன். என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இது புரியுது, முன்னே எழுதினது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்துச்சு" என்றார்.

"நம் கடையில் சீல் அட்டை கொடுக்கிறோம். அட்டைக்குக் காசு இல்லை.

அட்டையில் 10 கட்டம் இருக்கும். இரண்டு கட்டத்தில் நாங்களே சீல் குத்திக் கொடுத்துவிடுவோம். அப்புறம் ஒவ்வொரு தடவை முடிவெட்டும்போதும் ஒரு சீல். எட்டு தடவை காசு கொடுத்து வெட்டினால் அட்டை நிரம்பிவிடும். அதற்கு அடுத்த தடவை முடிவெட்டக் காசு வேண்டாம்.

முடிவெட்டுக்கு மட்டும்தான் சீல். சவரம், மீசை ஒதுக்குவதற்கு இல்லை.

அப்பா, பிள்ளைகள், அண்ணன், தம்பி எல்லோரும் ஒரே அட்டையில் குத்தலாம். நிரம்பினால் வீட்டில் யாராவது ஒருவர் வெட்டிக்கொள்ளலாம்.

அட்டைக்குக் கெடு கிடையாது. தடைக்காலம், மாலை போடும் காலம் எல்லாம் கழித்து எப்போது வந்தாலும் செல்லும்.

தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், நோன்புப் பெருநாள், பக்ரீத் இவற்றுக்கு முந்தைய மூன்று நாளும் இலவச வெட்டு இல்லை. சீல் உண்டு.

வரும்போது அட்டையைக் கொண்டு வாருங்கள். தொலைந்தால் புது அட்டைதான், பழைய சீல் வராது. செவ்வாய் கடை விடுமுறை."

தம்பிகளிடமும் பேசிவிட்டேன். இலவச வெட்டுக்கும் 60 உண்டு என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

ஓய்வு_வாத்தியார்

இப்போது சரி. "லாயல்டி" போனதே பெரிய நிம்மதி. விசுவாசம் என்று மொழிபெயர்த்துவிடுவீர்களோ என்று பயந்தேன். ஒன்று மட்டும் தம்பி, எனக்கு 40 நாளுக்கு ஒரு தடவைதான் வெட்டு. இருக்கிற முடிக்கு அதுவே அதிகம்.

எம்பிஏ_தம்பி

கெடு இல்லை என்பது ஆபத்து. மூன்று வருடம் கழித்து விலை 150 ஆனபிறகு பழைய அட்டையோடு வருவார்கள்.

உச்சிப்புளி_கத்தரி

வரட்டுமே தம்பி. அவர் அதுவரை எட்டு தடவை காசு கொடுத்திருப்பார். ஆனால் தொலைந்தால் பழைய சீல் வராது என்பது எனக்கு உடன்பாடில்லை. ஏழு சீலோடு தொலைத்தவர் திரும்ப வர மாட்டார். வலைத் தம்பி சொன்ன நோட்டை இதற்காகவாவது வையுங்கள்.

மண்டபம்_மூணுசேர்

*(ஆறு வாரம் கழித்து)*

200 அட்டை அடித்தேன், 130 போய்விட்டது. ஒன்றும் இன்னும் நிரம்பவில்லை, அதனால் லாப நட்டம் தெரியாது. நோட்டும் ஆரம்பித்துவிட்டேன், கத்தரி அண்ணன் சொன்னபடி. முதல் வாரமே இரண்டு பேர் லுங்கியோடு அட்டையைத் துவைத்து எடுத்து வந்தார்கள்.

ஒரு கேள்வி. ஒருவர் தன் அட்டையில் அவருடைய படகில் வேலை செய்கிற நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே நாளில் ஐந்து சீல் வாங்கிவிட்டார். ஒரு வீடு என்று எழுதியிருக்கிறேனே என்றேன். "கடலில் நாங்கள் ஒரு வீடுதான்" என்கிறார். குத்திவிட்டேன். அடுத்த மாதமும் அப்படியே வருவார் போல. என்ன செய்வது?

தங்கச்சிமடம்_வலை

ஐந்து பேரும் காசு கொடுத்தார்கள்தானே? குத்துங்கள்.

உச்சிப்புளி_கத்தரி

நான் குத்த மாட்டேன். அடுத்த படகும் வரும்.